மகன் நர்சரி போடுகிறேன் என்கிறான், விடலாமா?

உங்கள் கடிதத்தைப் படித்தேன் அம்மா. மகன் தோட்டக்கலை டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் 5 சென்டில் மாங்கன்று ஒட்டு கட்டி விற்கப்போவதாகச் சொல்கிறான், உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. தடுக்க வேண்டாம், ஆனால் கணக்கை அவனோடு உட்கார்ந்து போடுங்கள்.

மாங்கொட்டை வெகுநாள் உயிரோடு இருக்காது, பழம் தின்ற சில வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். ஜூன் கடைசியில் 300 கொட்டை ஊன்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதில் 220 முளைக்கலாம். முளைத்து இரண்டு வாரத்துக்குள், தண்டு செம்பு நிறம் மாறாமல் இருக்கும்போதே வெட்டிப் பிளந்து, தாய்மரத்துக் குச்சியை ஆப்பு போலச் சீவிச் செருகிக் கட்ட வேண்டும். ஒட்டுக்குச்சியில் ஒரு வாரம் முன்பே இலையைக் கிள்ளியிருந்தால்தான் மொட்டு உப்பியிருக்கும். புதுக்கைக்கு 130 பிடித்தாலே நல்லது, விற்கும்போது 110 மிஞ்சும். கன்று 70 ரூபாய்க்குப் போனால் 7,700 ரூபாய், அதுவும் அடுத்த வருட மழைக்குத்தான் கைக்கு வரும், அதில் கவர், மண், எரு, நிழல்வலைச் செலவு போக வேண்டும்.

ஆகவே மாங்கன்று மட்டும் வைத்துச் சம்பளம் எடுக்க முடியாது. ஜூன், ஜூலையில் உதிரும் வேப்பம்பழத்தைச் சதை கழுவி உடனே விதைத்தால் ஐப்பசி மழைக்கு நிழல்மரக் கன்று கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம், குண்டுமல்லிக் குச்சியும் மூன்று, நான்கு மாதத்தில் வேர்விட்டுவிடும். முதல் வருட ரொக்கம் இவற்றிலிருந்துதான்.

கன்று கெடுவதை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒட்டிய குச்சி கறுத்தால் அது போய்விட்டது, சரி, எடுத்துப் போட்டுவிடலாம். குச்சி பச்சையாக நின்று, கட்டுக்குக் கீழே துளிர் வருகிறதே, அதுதான் ஏமாற்றும். அந்தத் துளிரை உடனே கிள்ளாவிட்டால் அது வளர்ந்து மேல்குச்சியைக் கொன்றுவிடும், வெளியே பார்த்தால் கொழுகொழுவென்று கன்று, உள்ளே வெறும் கொட்டைச்செடி. வாங்கிப்போனவருக்குப் பல வருடம் கழித்துக் காய்க்கும்போதுதான் தெரியும், அப்புறம் அந்த ஊரில் ஒரு கன்று விற்க முடியாது. இன்னொன்று, கவரை ஒரே இடத்தில் வைத்திருந்தால் வேர் தரைக்குள் இறங்கிவிடும், விற்கும் அன்று பிடுங்கினால் அறுந்து வாடும். மாதம் ஒருமுறை நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் போர்த் தண்ணீர் உப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உறுத்துவது அதுதான். மாவிலை நுனி கருகத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். கவர் வாங்குவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.