படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு லைஃப் சர்டிபிகேட்: ஆம்புலன்ஸ் தேவையில்லை

கேள்வி: அப்பாவுக்கு 83 வயசு, மத்திய அரசு பென்ஷனர். பக்கவாதம் வந்து ஒரு வருஷமா படுத்த படுக்கைதான், மூக்கில் ட்யூப். லைஃப் சர்டிபிகேட் எடுக்க பிரவுசிங் சென்டர்காரரை வீட்டுக்கே கூட்டிவந்து பார்த்தோம், விரல் ரேகை விழவே இல்லை. பேங்கில் கேட்டால் "ஒரு தடவை நேரில் கூட்டிட்டு வந்து காட்டிடுங்க" என்கிறார்கள். ஆம்புலன்ஸ் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமா? நவம்பர் தாண்டினால் பென்ஷன் நின்றுவிடுமா?

பதில்: வேண்டாம், அவரைக் கட்டிலை விட்டே இறக்க வேண்டாம். கடுமையான நோயால் வர முடியாத பென்ஷனரின் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வங்கி அலுவலரே போய் சான்றிதழ் பதிவு செய்யலாம் என்று அரசு பென்ஷன் வழங்கும் வங்கிகளுக்கான ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அல்லது தெரிந்தும் யார் போவது என்று இருக்கலாம். ஆனால் அந்த வழிக்குப் போவதற்கு முன்னால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம்.

முதலில் தேதி. மத்திய அரசு பென்ஷனர்களுக்கு நவம்பர் மாதம்தான் கணக்கு, ஆனால் 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அதாவது உங்கள் அப்பாவுக்கு ஒரு மாதம் கூடுதலாக இருக்கிறது, அடுத்த வருஷம் அக்டோபர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், அப்போது கூட்டமும் இருக்காது. நவம்பர் 30 வரை கொடுக்காவிட்டால் நவம்பர் பென்ஷன் வந்துவிடும், டிசம்பர் பென்ஷன்தான் நிற்கும். நிற்பது என்றால் நிறுத்திவைப்பதுதான், ரத்து இல்லை. சான்றிதழ் ஏறியதும் நிலுவையோடு சேர்த்து வரும். ஆகவே பயந்துபோய் அவரை வண்டியில் ஏற்றுகிற வேலை எந்தத் தேதியிலும் தேவையில்லை.

இனி விரல் ரேகை. 80 வயதுக்கு மேல் ரேகை தேய்ந்து தோலும் வறண்டிருக்கும், பக்கவாதம் வந்த கை என்றால் விரல்கள் உள்ளே மடங்கி இறுகிவிடும், மெஷினில் தட்டையாக வைத்து அழுத்தவே முடியாது. பிரவுசிங் சென்டர்காரர் பெரும்பாலும் வலது கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்திருப்பார். பாதிக்காத கையை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து, நடுவிரலையும் மோதிர விரலையும் வைத்துப் பார்த்தால் சில பேருக்கு விழும். விழாவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே செய்யலாம்.

அதற்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனே போதும். ப்ளே ஸ்டோரில் இரண்டு செயலிகளை இறக்க வேண்டும்: ஒன்று AadhaarFaceRD, இன்னொன்று Jeevan Pramaan. முதல் செயலியை இறக்கிய பிறகு அது போனில் எங்கேயும் தனியாகக் கண்ணில் படாது, பின்னால் இருந்து வேலை செய்வது அது, காணோமே என்று மறுபடி இறக்க வேண்டாம். இரண்டாவதைத் திறந்தால் முதலில் உங்கள் ஆதாரையும் உங்கள் முகத்தையும் கேட்கும். பலர் இங்கேதான் குழம்பி அப்பாவின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இது செயலியை இயக்குபவருக்கான பதிவு, நீங்களோ உங்கள் தங்கையோ யார் வேண்டுமானாலும் செய்யலாம். அது முடிந்த பிறகுதான் பென்ஷனரின் பக்கம் வரும்: அவருடைய ஆதார் எண், ஓடிபி, அப்புறம் பெயர், பென்ஷன் வகை, பென்ஷன் வழங்கும் வங்கி, பென்ஷன் வழங்கும் ஆணையில் இருக்கிற பிபிஓ எண், பென்ஷன் கணக்கு எண்.

இந்தப் பக்கத்தில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் பின்னால் வருகிற சிக்கலில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. பிபிஓ எண்ணை ஞாபகத்திலிருந்தோ பழைய கடிதத்திலிருந்தோ போடாமல் பிபிஓ புத்தகத்தைப் பார்த்துப் போடுங்கள். கணக்கு எண் என்பது பென்ஷன் வந்து விழுகிற கணக்கு, அதே வங்கியில் அவருக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அது இல்லை.

கடைசியில் முகம். ட்யூப் போட்டுப் படுத்திருப்பவருக்கு இது கொஞ்சம் பொறுமையான வேலை. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மேலே இருந்து போனைப் பிடித்தால் உங்கள் நிழலே அவர் முகத்தில் விழும், மேலே எரிகிற ட்யூப்லைட் அவர் கண்ணைக் கூசச்செய்யும். தலைப்பக்கத்தை உயர்த்தி இரண்டு தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்த்து உட்காரவைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. கண்ணாடி, மங்கி கேப், கழுத்துவரை இழுத்த போர்வை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கேமரா லென்ஸை ஒருமுறை துடையுங்கள். திரையில் வட்டத்துக்குள் முகம் சரியாக வந்ததும் கண்ணை இமைக்கச் சொல்லும், அது புகைப்படத்தைக் காட்டி யாரும் ஏமாற்றாமல் இருப்பதற்கான சோதனை. இமைப்பதைச் சொல்லிச் செய்யவைக்க முடியவில்லை என்றால் போனை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருங்கள், அவர் இயல்பாக இமைக்கும்போது எடுத்துக்கொள்ளும். மூக்கு ட்யூபை நெற்றியிலும் கன்னத்திலும் பெரிய பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தால் முகம் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. இதற்காக ட்யூபைத் தொடவே தொடாதீர்கள், நர்ஸ் வந்து பிளாஸ்டர் மாற்றுகிற நேரத்தில் சின்னதாக ஒட்டச் சொல்லி அப்போது முயற்சி செய்யலாம்.

ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருந்தாலும் ரேகை, முகம் எதுவும் ஏறாது. வீட்டில் யாராவது பாதுகாப்புக்காகப் பூட்டிவிட்டு மறந்திருக்கலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முகம் ஏறிவிட்டால் ப்ரமாண் ஐடி என்று ஒரு எண் எஸ்எம்எஸ்ஸில் வரும். இதோடு வேலை முடிந்தது என்று போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள், எனக்கு வருகிற புகார்களில் இதுதான் அதிகம். ஐடி வந்தது என்றால் சான்றிதழ் உருவாகிவிட்டது என்று மட்டும்தான் பொருள். அது வங்கிக்குப் போய், அங்கே பிபிஓ எண்ணும் கணக்கு எண்ணும் பொருந்தி, ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். ஒரு இலக்கம் தவறினாலும் வங்கி நிராகரித்துவிடும், வீட்டில் உள்ளவர்களோ கொடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள், டிசம்பர் கடைசியில் பணம் வராதபோதுதான் தெரியும். ஆகவே ஒரு வாரம் விட்டு கிளைக்குப் போன் போட்டு, "லைஃப் சர்டிபிகேட் சிஸ்டத்தில் அப்டேட் ஆகியிருக்கிறதா" என்று கேளுங்கள். jeevanpramaan.gov.in தளத்தில் ப்ரமாண் ஐடியைப் போட்டுச் சான்றிதழை இறக்கி ஒரு பிரதி எடுத்து வையுங்கள், தகராறு வந்தால் கையில் இருக்கட்டும்.

போனோடு பழக்கம் இல்லை என்றால் தபால்காரர் வீட்டுக்கே வருவார். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் சேவை அது, உங்கள் பென்ஷன் எந்த வங்கியில் வந்தாலும் செய்வார்கள், கட்டணம் 70 ரூபாய். பக்கத்துத் தபால் நிலையத்தில் சொல்லலாம், அல்லது 155299 எண்ணில் பதியலாம். சொல்லும்போதே "ரேகை விழாது, முகம் வைத்துத்தான் எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் ரேகை மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து திரும்பிப் போவார்.

இமைக்கவே இயலாத நிலை, நினைவில்லாத நிலை, கண் திறக்காத நிலை என்றால் மேலே சொன்ன எதுவும் ஓடாது, அங்கே காகிதம்தான் வழி. வங்கி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இவ்வளவு போதும்: "என் தந்தை, பிபிஓ எண் இது, கணக்கு எண் இது, பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார், நேரில் வர இயலாது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். அரசு ஓய்வூதியம் குறித்த ரிசர்வ் வங்கி அறிவுறுத்தலின்படி அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி உயிர்வாழ் சான்றைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்." முகவரி, போன் நம்பர், எந்த நாளிலும் வீட்டில் ஆள் இருக்கும் என்ற ஒரு வரி. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் போட்டு வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும், சீல் போட்ட கடிதத்துக்கு யாராவது பொறுப்பாக வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கும் நோயால் முடங்கியவர்களுக்கும் வீட்டிலேயே லைஃப் சர்டிபிகேட் வாங்கும் வசதி செய்ய வேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது, மேலாளர் இழுத்தால் இதையும் சொல்லுங்கள். இந்த வீட்டு வாசல் சேவைக்கு வங்கி கட்டணம் வாங்கலாம், அது முறைகேடு இல்லை.

இன்னொரு காகித வழி, வங்கி படிவத்தை வாங்கி அங்கீகரிக்கப்பட்ட ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது. கெசட்டட் அதிகாரி, தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர், போஸ்ட் மாஸ்டர், சப் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத காவல் நிலையப் பொறுப்பாளர், எம்எல்ஏ, எம்பி எனப் பட்டியல் நீளும். இவர்களில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட சான்றிதழ் இருந்தால் மத்திய அரசு பென்ஷனர் நேரில் போக வேண்டியதே இல்லை. உறவில் அல்லது தெருவில் கெசட்டட் அதிகாரி ஒருவர் இருந்தால் என் கணக்கில் இதுதான் எல்லாவற்றையும் விடச் சுலபம், ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்க வருகிற நேரத்தில் முடிந்துவிடும். அவர் உங்கள் அப்பாவை நேரில் பார்த்துத்தான் போட வேண்டும், பதவி முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். படிவத்தைக் கொடுத்ததும் வங்கியிடம் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு கேளுங்கள், அதைக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

கடிதம் கொடுத்தும் யாரும் வரவில்லை, பென்ஷனும் நின்றுவிட்டது என்றால் சீல் போட்ட பிரதியோடு ஓய்வூதியர் நலத் துறையின் 1800-11-1960 எண்ணில் புகார் பதியலாம். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: தேதி எல்லோருக்கும் ஒன்றில்லை. இபிஎஃப் பென்ஷன் வாங்குகிறவர்கள் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்குக் கருவூல நேர்காணல் ஓய்வு பெற்ற மாதத்தில் வரும், அவர்களும் ஜீவன் பிரமாண், தபால்காரர் வழிகளைப் பயன்படுத்தலாம். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற அம்மாக்களுக்கு மறுமணம் செய்யவில்லை என்ற உறுதிமொழியும் சேர்ந்தே கேட்கப்படும், செயலியில் அந்தக் கேள்விக்குக் கவனமில்லாமல் தப்பான பதிலைத் தட்டிவிடாதீர்கள்.

அப்புறம், நவம்பரில் "லைஃப் சர்டிபிகேட் அப்டேட் பண்ணித் தருகிறோம், பிபிஓ எண்ணும் ஓடிபியும் சொல்லுங்கள்" என்று போன் வரும். எந்த வங்கியும் அப்படிக் கேட்காது, வைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடிபி சொல்லிப் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.