ஏஐ வரைந்த படத்தைக் கருவாட்டுப் பாக்கெட்டில் போட்டால் அது யாருக்குச் சொந்தம்?

"மண்டபத்தில் கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறோம். லேபிளுக்கு ஏஐயில் ஒரு வள்ளம் படம் எடுத்தேன். நாளைக்கு வேறொருவர் அதையே போட்டால் தடுக்க முடியுமா?"

படத்தை மட்டும் நம்பினால் தடுப்பது கடினம். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 2(d)(vi) பிரிவு, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. கேட்க உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 1994-இல் சேர்த்த வரி. ஒரு வாக்கியம் தட்டச்சு செய்ததே "உருவாகச் செய்தது" ஆகுமா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். அமெரிக்காவில் மனிதப் பங்கில்லாத படத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது.

அதனால் வேறு வழியில் போங்கள். கடைப் பெயரையும் வள்ளத்தையும் சேர்த்து ஒரே லேபிளாக வணிகக்குறி பதிவுக்கு விண்ணப்பியுங்கள். கருவாட்டுக்கு 29-ஆம் வகுப்பு. தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. அங்கே படத்தை யார் வரைந்தார் என்பது முக்கியமில்லை, வாங்குபவர் அதை வைத்து உங்கள் சரக்கை அடையாளம் காண்கிறாரா என்பதே கேள்வி. பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம்.

அப்புறம், அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வேறொருவர் லேபிளை அப்படியே ஒத்திருந்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். "ஏஐ தந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. கருவியின் விதிமுறையில் இலவசக் கணக்குக்கு வணிகப் பயன்பாடு உண்டா என்றும் படித்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.