எஃப்ஓபியா, சிஐஎஃப்பா? கிருஷ்ணகிரி ஏற்றுமதியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பர்கூர், மாங்கூழ் தயாரிப்பவர்: ஐயா, ஜெட்டாவில் புது பையர் ஒருத்தர் ஒரு கன்டெய்னர் பெங்களூரா கூழ் கேட்கிறார். எஃப்ஓபி ரேட்டும் சிஐஎஃப் ரேட்டும் அனுப்பச் சொல்கிறார். ஃப்ரெய்ட்டையும் இன்சூரன்ஸையும் நாம் கட்டினால் நமக்கு நஷ்டம்தானே?

பதில்: எஃப்ஓபி விலையில் சென்னையில் கப்பல் ஏற்றும் வரைக்கான செலவு மட்டும் சேரும், சிஐஎஃப் விலையில் பையர் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேரும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 20 அடி கன்டெய்னரில் 215 கிலோ டிரம் 80 ஏறும். மொத்தம் 17.2 டன். எஃப்ஓபி சென்னை விலை டன்னுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 17,200 டாலர். இதில் உங்கள் ஆலையிலிருந்து லாரி வாடகை, கிளியரிங் ஏஜென்ட் கூலி, சென்னை டெர்மினல் செலவு எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். ஜெட்டா வரை கப்பல் வாடகை 1,200 என்றால் 18,400 ஆகிறது. இன்சூரன்ஸ் எடுப்பது பில் தொகைக்கு அல்ல, அதற்கு மேல் பத்து சதவீதம் கூட்டி. பிரீமியம் 0.2 சதவீதம் என்றால் ஏறத்தாழ 41 டாலர் வரும். ஆக சிஐஎஃப் ஜெட்டா சுமார் 18,441. ரேட்டுகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், கப்பல் பிடித்துத் தரும் உங்கள் ஃபார்வர்டரிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் எவ்வளவு சின்னத் தொகை என்று பார்த்தீர்களா? அதைக் கட்டுவதில் பேச்சே வேண்டாம். கட்டிய வாடகையும் பில்லில் ஏறி பையரிடமிருந்தே வந்துவிடுகிறது. நஷ்டம் வருவது வேறு இடத்தில். ஆடியில் கூழ் போட்டு ரேட் பேசி, மார்கழியில் கப்பல் ஏற்றுகிறீர்கள். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பக்கத்து வாடகை எப்படி ஏறியது என்று உங்களுக்கே தெரியும். 1,200 என்று போட்டது 2,600 ஆனால் 1,400 டாலர் உங்கள் கையிலிருந்து போகும். அந்தக் கன்டெய்னரில் ஐந்து சதவீத லாபம் வைத்திருந்தால் அது 860தான். அதனால் சிஐஎஃப் கொடுக்கும்போது ஃப்ரெய்ட் இன்ன தொகை, இன்ன தேதி வரை, அதற்கு மேல் ஏறினால் பையர் கணக்கு என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். நேர்மையான பையர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

காவேரிப்பட்டணம், கூழ் வியாபாரி: அண்ணா, சிஐஎஃப் என்றால் ஜெட்டா துறைமுகத்தில் இறங்கும் வரை சரக்கு நம் பொறுப்பு. நடுவில் எது நடந்தாலும் நாம்தான் பார்க்கணும். அதனாலதான் நாங்க எப்பவும் எஃப்ஓபி.

பதில்: செலவு ஜெட்டா வரை உங்களுடையது, அது சரி. ஆபத்து அப்படி இல்லை. எஃப்ஓபியானாலும் சிஐஎஃப்பானாலும் சரக்கு சென்னையில் கப்பலில் ஏறிய நொடியில் ஆபத்து பையர் தலைக்குப் போய்விடுகிறது. நடுக்கடலில் கன்டெய்னர் மூழ்கினாலும் அவர் உங்களுக்குப் பணம் தர வேண்டும். நீங்கள் எடுத்துக் கொடுத்த பாலிசியை வைத்து அவர் கிளெய்ம் பண்ணிக்கொள்ள வேண்டும். விதி அப்படித்தான்.

ஆனால் புது பையர், இன்னும் பணம் தராதவர், சரக்கு மூழ்கிப்போனது என்று தெரிந்த பிறகு பேங்குக்கு வந்து டாக்குமென்ட்டை எடுப்பாரா? பெரும்பாலும் எடுக்கமாட்டார். அந்த நேரத்தில் பாலிசி யார் கையில் இருக்கிறது என்பதுதான் உங்களைக் காப்பாற்றும். சிஐஎஃப்பில் பாலிசி உங்கள் பெயரில், உங்கள் கையில். எஃப்ஓபியில் பாலிசி பையர் ஊரில் இருக்கிறது, அவர் எடுத்தாரா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. சரக்கை எடுக்கக் காட்ட வேண்டிய கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங்கும் அப்படித்தான். எஃப்ஓபியில் ஃபார்வர்டர் பையர் சொன்ன ஆள். ஒரிஜினல் பில் உங்கள் பேங்கில் கிடக்கும்போதே அங்கே சரக்கை விட்டுக்கொடுத்த கதைகள் இந்தத் தொழிலில் உண்டு. பழகாத பையர் என்றால் கப்பலை நீங்கள் பிடிப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

பர்கூர் நண்பர் மறுபடியும்: அப்போ இன்சூரன்ஸ்காரரிடம் "சிஐஎஃப்புக்கு ஒரு பாலிசி போடுங்க" என்று சொன்னால் போதுமா?

பதில்: போதாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்கோடெர்ம்ஸ் என்ற உலக வணிக விதிகளின் 2020 பதிப்புப்படி சிஐஎஃப்புக்குக் குறைந்தபட்சக் காப்பு போதும். அதாவது இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ் சி. அது தீ, கப்பல் மூழ்கல், தரைதட்டல், லாரி கவிழ்தல் மாதிரிப் பெரிய விபத்துகளுக்கு மட்டும்தான். ஃபோர்க்லிஃப்ட் இடித்து டிரம் நசுங்கி உள்ளே பை கிழிந்தால் வராது. திருட்டுக்கு வராது. கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்தாலும் சி-யில் வராது. அதனால் கிளாஸ் ஏ என்று வாயால் சொல்லாமல் எழுத்தில் கேளுங்கள். போரும் வேலைநிறுத்தமும் ஏ-யிலும் சேராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். செங்கடல் வழி போகிற சரக்குக்கு அதை விடவே கூடாது.

ஏ எடுத்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும். டிரம்மில் நசுங்கல் இல்லை, பை மட்டும் ஊதிப் புடைத்திருக்கிறது என்றால் அது வழியில் நடந்த விபத்து அல்ல, ஆலையில் கிருமிநீக்கத்திலோ பை அடைப்பிலோ வந்த குறை. சர்வேயர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார், இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. நிரப்பிய பேட்ச்சில் ஒன்றிரண்டு பையை ஆலையிலேயே வைத்துக் கவனித்துவிட்டு அனுப்புங்கள்.

கிருஷ்ணகிரி, கிரானைட் அனுப்புபவர்: சார், என் கேஸ் வேற. எஃப்ஓபி சென்னை ஆர்டர். "மெரின் பாலிசி வேர்ஹவுஸ் டு வேர்ஹவுஸ் எடுத்தாச்சு, கவலைப்படாதே" என்று பையர் மெயில் போட்டார். ஆம்பூர் தாண்டி லாரி சாய்ந்து பலகை பாதி உடைஞ்சுது. அவர் கம்பெனி கையை விரிச்சிடுச்சு. இது நியாயமா?

பதில்: மனசுக்கு நியாயமாகத் தெரியாது, ஆனால் அவர்கள் சொல்வது சரிதான். எஃப்ஓபியில் கப்பல் ஏறும் வரை சரக்கு உங்களுடையது, ஆபத்தும் உங்களுடையது. ஆம்பூரில் பலகை உடைந்தபோது பையருக்கு அதில் எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் இல்லாதவர் பாலிசியில் யாருக்கும் பணம் வராது. "வேர்ஹவுஸ் டு வேர்ஹவுஸ்" என்று எழுதியிருந்தாலும் அது உங்களுக்கு எழுதியது அல்ல. லாரிக்காரரிடம் கேட்கலாம். ஆனால் சரக்கின் மதிப்பை முன்கூட்டி எழுதிக் கொடுக்காவிட்டால் அவர் பொறுப்புக்கு 2007 சாலைவழிச் சரக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு, கற்பலகை விலைக்கு அது எட்டாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை. இங்கிருந்து சென்னை 250 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்த பிறகும் கன்டெய்னர் யார்டில் நாள்கணக்கில் நிற்கும். கப்பல் தள்ளிப்போனால் இன்னும் கூடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஒரு வாரத்தில் யார்டில் தண்ணீர் நின்றால் அந்தச் சேதமும் எஃப்ஓபியில் உங்கள் தலையில்தான். எஃப்ஓபி பேசினால் ஆலை வாசலிலிருந்து கப்பல் ஏறும் வரைக்கும் உங்கள் பெயரில் ஒரு பாலிசி கட்டாயம் இருக்க வேண்டும். வருடம் முழுக்கச் சரக்கு அனுப்புகிறவர்கள் ஓப்பன் பாலிசி எடுத்து, பையர் டாக்குமென்ட்டைத் திருப்பினால் உதவும் செல்லர்ஸ் கன்டிஞ்சென்சி காப்பையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பாலக்கோடு, புளி ஏற்றுமதியாளர்: எங்களிடம் இசிஜிசி பாலிசி இருக்குங்க. அப்புறம் இந்த மெரின் இன்சூரன்ஸ் எதுக்கு? ஒரே வேலையைத்தானே ரெண்டும் பண்ணுது?

பதில்: இல்லைங்க. பையர் திவாலானால், பணம் கட்டாமல் இழுத்தடித்தால், அவர் நாடு அந்நியச் செலாவணியை நிறுத்தினால் இசிஜிசி வரும். புளி மூட்டை நனைந்தால் வராது. இரண்டும் வேண்டும். வங்கதேசத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே இறக்குமதியாளர் தன் நாட்டிலேயே இன்சூரன்ஸ் எடுப்பதுதான் வழக்கம். அதனால் சிஎஃப்ஆர், அதாவது வாடகை மட்டும் உங்களுடையது என்று பேசுவார்கள். அப்போதும் கப்பல் ஏறும் வரைக்கான பாலிசி உங்கள் வேலைதான்.

ஓசூர், ரோஜா வளர்ப்பவர்: நாங்க எஃப்ஓபி பெங்களூர் ஏர்போர்ட்னு பில் போடுறோம். சரிதானே?

பதில்: எஃப்ஓபி கப்பலுக்கு மட்டும். விமானத்தில் போகும் பூவுக்கு எஃப்சிஏ பெங்களூர் ஏர்போர்ட் என்று போடுங்க, அம்மா. கார்கோ டெர்மினலில் ஏர்லைன்ஸ் ஏஜென்ட்டிடம் ஒப்படைத்ததும் உங்கள் பொறுப்பு முடிகிறது. ஷிப்பிங் பில்லில் "எஃப்ஓபி மதிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். அது சுங்கக் கணக்குக்கு, ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் வரியான டிராபேக் அதன் பேரில்தான் வரும். அதைப் பார்த்து பேரத்தையும் எஃப்ஓபி என்று நினைக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி, கிளியரிங் ஆபீஸில் வேலை பார்ப்பவர்: சார், நீங்க சொல்ற எஃப்சிஏ கன்டெய்னருக்கும் பொருந்தும்தான். ஆலையிலேயே மின்முத்திரை போட்டு அனுப்புறோம், டெர்மினல் கேட்டுக்குள்ளே விட்ட பிறகு பெட்டி நம்ம கையில் இல்ல. ஆனா பையர் பேங்க் தர்ற பண உத்தரவாதமான எல்சியில், சரக்கு கப்பல் ஏறியாச்சுன்னு சொல்ற "ஆன் போர்டு" பில் கேட்பாங்க. எஃப்சிஏ போட்டா பேங்க் திருப்பிடும். அதனால எஃப்ஓபியே நல்லது.

பதில்: தம்பி, முதல் பாதி முழுக்கச் சரி. கன்டெய்னருக்கு எஃப்ஓபி பொருந்தாத சட்டை என்று இன்கோடெர்ம்ஸ் புத்தகமே சொல்கிறது. எஃப்சிஏ போட்டால் யார்டில் கிடக்கும் நாள்களின் ஆபத்து பையருக்குப் போய்விடும். பேங்க் திருப்புவது எஃப்சிஏ என்ற பெயருக்காக அல்ல, எல்சி கேட்ட பில் கைக்கு வராததற்காக. 2020 விதியில் இதற்காகவே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கப்பல் ஏறியதும் ஆன் போர்டு குறிப்புடன் பில்லை விற்பவருக்குக் கொடுக்கச் சொல்லி பையர் தன் ஃபார்வர்டருக்கு உத்தரவு கொடுக்க ஒப்புக்கொள்ளலாம். எல்சி திறக்கும் முன்பே அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

அவரே: எழுதலாம் சார். பையரோட ஆளு சொன்னபடி கொடுக்கணுமே. நான் பார்த்த வரைக்கும் இழுத்தடிக்கிறாங்க.

பதில்: அதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். பையரின் ஃபார்வர்டர் சென்னையில் சொந்த ஆபீஸ் வைத்திருந்தால் வேலை நடக்கும். எங்கோ ஒரு துணை ஏஜென்ட் மூலம் ஓட்டுகிறவர் என்றால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். எல்சி ஆர்டருக்கு நான் இன்னும் சிஐஎஃப் பக்கம்தான். முன்பணம் முழுதும் வந்த ஆர்டருக்கு எஃப்சிஏ.

பர்கூர் நண்பர்: கடைசியா ஒண்ணு. பையர் எஃப்ஓபிதான் வேணும்னு அடம் பிடிச்சா?

பதில்: கொடுங்கள், ஆனால் அவருடைய ஃபார்வர்டரிடமிருந்து சென்னையில் உங்களிடம் வசூலிக்கப்போகும் ஒவ்வொரு செலவையும் விலை பேசும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்: டெர்மினல் ஹேண்ட்லிங், பில் கட்டணம், சீல், டாக்குமென்டேஷன். பையருக்குக் குறைந்த வாடகை காட்டிவிட்டு, அந்தக் குறையை இந்தப் பக்கத்து ஏற்றுமதியாளரின் லோக்கல் சார்ஜில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கன்டெய்னர் உள்ளே போன பிறகு பில் வந்தால் கட்டாமல் பில் ஆஃப் லேடிங் கிடைக்காது, அப்போது பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது. பட்டியல் வந்ததும் அதைக் கூட்டி, டன்னுக்கு எவ்வளவு என்று வகுத்து, அந்த 1,000 டாலருக்குள் அடங்குகிறதா பாருங்கள். அடங்காவிட்டால் எஃப்ஓபி விலையை ஏற்றிச் சொல்லுங்கள்.