நீர் மாத்திரை சாப்பிடுபவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?

"அம்மாவுக்கு 66 வயது. பிரஷருக்கு குளோர்தாலிடோன் 12.5 சாப்பிடுகிறார். உடம்பு வற்றிவிடும் என்று பயந்து தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடிக்கிறார். சரியா?"

நாலு லிட்டர் வேண்டாங்க. இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தால் காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். வெயிலில் வியர்த்தால் தாகத்துக்கு ஏற்ப ஓரிரு டம்ளர் கூடலாம். இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டர் சொல்லும் அளவுதான் கணக்கு.

பலரும் வறட்சிக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த வகை மாத்திரை உப்பை வெளியேற்றுவதோடு, மிகுதித் தண்ணீரைக் கழிக்கும் சிறுநீரகத்தின் திறனையும் குறைக்கிறது. அதற்கு மேல் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். வயதான பெண்களுக்கு இது அதிகம் வரும்.

அம்மாவுக்கு அசதி, குமட்டல், தலைவலி, நடையில் தள்ளாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். சோடியம் 135-க்குக் கீழே இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பேச்சு குழறினாலோ குழப்பம் வந்தாலோ ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள்.

வாந்தி, பேதி வந்தால் அன்று மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.