இரண்டு இருப்பு நிலைக் குறிப்புகளிலிருந்து ரொக்க ஓட்ட அறிக்கை: மாணவர் கேள்விகள்

வந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கை வைத்தே பதில் சொல்லிவிடலாம். தொகைகள் ஆயிரம் ரூபாயில்.

| | 31.3.2023 | 31.3.2024 |
|---|---|---|
| பங்கு முதல் | 400 | 450 |
| லாப நட்டக் கணக்கு | 80 | 130 |
| வங்கிக் கடன் | 100 | 80 |
| கடனீந்தோர் | 70 | 75 |
| வரி ஒதுக்கு | 40 | 50 |
| மொத்தம் | 690 | 785 |
| இயந்திரம் (தேய்மானம் போக) | 400 | 520 |
| சரக்கிருப்பு | 110 | 95 |
| கடனாளிகள் | 90 | 120 |
| ரொக்கம் | 90 | 50 |
| மொத்தம் | 690 | 785 |

கூடுதல் விவரம்: தேய்மானம் 50. ஏட்டு மதிப்பு 40 உள்ள இயந்திரம் 30-க்கு விற்கப்பட்டது. செலுத்திய வரி 45, பங்காதாயம் 30, கடன் வட்டி 10.

கணக்கில் லாபமே கொடுக்கவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

லாப நட்டக் கணக்கின் இருப்பு 50 கூடியிருக்கிறது. ஆனால் அது பங்காதாயமும் வரியும் போன பிறகு மிஞ்சியது. எடுத்ததைத் திருப்பிச் சேர்த்தால் வரிக்கு முந்தைய லாபம் வந்துவிடும்: 50 + பங்காதாயம் 30 + இந்த ஆண்டு வரி ஒதுக்கு 55 = 135. (55 எப்படி வந்தது என்பது அடுத்த பதிலில்.)

அதோடு ரொக்கம் வெளியேறாத தேய்மானம் 50, இயந்திர விற்பனை நட்டம் 10 ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். வட்டி 10-ஐயும் கூட்டுங்கள். அது ரொக்கச் செலவுதான், ஆனால் நிதி நடவடிக்கையில் காட்டப்போவதால் இங்கிருந்து நீக்குகிறோம். இப்போது 205. கடனாளிகள் கூடியதால் 30 கழியும், சரக்கு குறைந்ததால் 15 கூடும், கடனீந்தோர் கூடியதால் 5 கூடும். 195 நிற்கிறது. செலுத்திய வரி 45 போக, இயக்க நடவடிக்கைகளிலிருந்து வந்த ரொக்கம் 150.

வரி ஒதுக்கில் 10 தானே கூடியிருக்கிறது? அதைக் கடனீந்தோர் போலக் கூட்டினால் என்ன?

விடை மாறாது. வரியைத் தனியாகத் தொடாமல் 10-ஐ மட்டும் கூட்டினாலும் அதே 150 வரும். ஆனால் கணக்கியல் தரநிலை 3, செலுத்திய வரியைத் தனி இனமாகக் காட்டச் சொல்கிறது. அதனால் ஒதுக்குக் கணக்கைப் போடுங்கள்: இறுதி இருப்பு 50 + செலுத்தியது 45 − தொடக்க இருப்பு 40 = 55. செலுத்திய தொகை கொடுக்கப்படாவிட்டால், சென்ற ஆண்டின் ஒதுக்கு இந்த ஆண்டு செலுத்தப்பட்டதாகவும், இறுதி இருப்பே இந்த ஆண்டின் ஒதுக்காகவும் கொள்வது வழக்கம். இரண்டு முறைகளையும் கலப்பதுதான் ஆபத்து. 55-ஐயும் கூட்டி 10-ஐயும் கூட்டினால் அறிக்கை சரியாக 10 அதிகமாகிவிடும்.

இயந்திரம் 400-லிருந்து 520 ஆனது. 120-க்கு வாங்கியதாகத்தானே அர்த்தம்?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். 120 என்பது வாங்கியது, விற்றது, தேய்ந்தது மூன்றும் கலந்த மிச்சம். இயந்திரக் கணக்கைத் திறந்து பாருங்கள். பற்றில் தொடக்க இருப்பு 400. வரவில் தேய்மானம் 50, விற்றதன் ஏட்டு மதிப்பு 40 (ரொக்கம் 30, நட்டம் 10), இறுதி இருப்பு 520, மொத்தம் 610. பற்றில் குறையும் 210-தான் வாங்கிய தொகை. முதலீட்டு நடவடிக்கை: −210 + 30 = −180.

120 என்றே எழுதியிருந்தால் உங்கள் அறிக்கையில் 90 இடிக்கும். தேய்மானம் 50-ம் ஏட்டு மதிப்பு 40-ம் சேர்ந்தால் அதே 90 என்பதைக் கவனியுங்கள்.

கணக்கில் இயந்திரத்தை அடக்க விலையிலும், திரண்ட தேய்மானத்தைத் தனியாகவும் கொடுத்திருந்தால் இரண்டு கணக்குகள் திறக்க வேண்டும். அப்போது விற்ற இயந்திரத்தின் அடக்க விலை இயந்திரக் கணக்கிலிருந்தும், அதற்கான தேய்மானம் மற்றதிலிருந்தும் வெளியேறும்.

வட்டியும் பங்காதாயமும் எந்தத் தலைப்பில் வரும்?

செலுத்தியவை நிதி நடவடிக்கை, பெற்றவை முதலீட்டு நடவடிக்கை. வங்கி போன்ற நிதி நிறுவனமாக இருந்தால் மட்டும் செலுத்திய வட்டியும், பெற்ற வட்டியும் பங்காதாயமும் இயக்க நடவடிக்கைக்குப் போகும். நம் கணக்கில்: பங்கு வெளியீடு +50, கடன் திருப்பியது −20, பங்காதாயம் −30, வட்டி −10, ஆக −10. ஊக்கப் பங்கு வெளியிட்டிருந்தால் அந்தத் தொகை இங்கே வராது, கைக்கு ரொக்கம் வரவில்லையே.

கடைசியில் ரொக்கம் பொருந்தவில்லை. எங்கே தேடுவது?

முதலில் சரியான விடை: 150 − 180 − 10 = −40. தொடக்க ரொக்கம் 90, இறுதி 50. பொருந்துகிறது.

உங்களுக்கு வேறு தொகை வந்தால் வித்தியாசத்தைப் பாதியாக்குங்கள். கூட்ட வேண்டியதைக் கழித்தாலோ கழிக்க வேண்டியதைக் கூட்டினாலோ பிழை இரட்டிப்பாகத் தெரியும். வித்தியாசம் 60 என்றால் 30 உள்ள இனங்களைப் பாருங்கள். பெரும்பாலும் கடனாளிகளைக் கூட்டியிருப்பீர்கள். 20 என்றால் விற்பனை நட்டத்தைக் கூட்டாமல் கழித்திருக்கலாம். வித்தியாசம் அப்படியே ஒரு இனத்தின் தொகையாக இருந்தால் அந்த இனம் விடுபட்டிருக்கும், அல்லது இருமுறை வந்திருக்கும். இறுதி ரொக்கத்தை வலிந்து 50 ஆக்கி முடித்துவிடாதீர்கள். திருத்துபவர் முதலில் கூட்டிப் பார்ப்பது மூன்று நடவடிக்கைகளின் தொகைகளைத்தான்.