அறுநூறு பேருக்கு ஒரு வாசல்: கேள்வி பதில்

சத்துவாச்சாரியிலிருந்து: முன்னாள் மாணவர் கூட்டத்திற்கு 600 பேர் வருகிறார்கள். 20 நிமிடத்தில் அனைவரும் உள்ளே செல்ல எத்தனை மேசை போட வேண்டும்?

முதலில் ஒருவருக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதைக் கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து அட்டையைக் கையில் கொடுக்க 10 நொடி ஆகுமானால் 600 பேருக்கு 6,000 நொடி. உங்களிடம் இருப்பது 1,200 நொடி. எனவே 5 மேசை போதும் என்று தோன்றும். ஆனால் மக்கள் சீராக வருவதில்லை. காட்பாடியில் ரயில் நின்றதும் பேருந்துகளிலும் ஆட்டோக்களிலும் மொத்தமாக வந்து இறங்குவார்கள். அப்படி 10 நிமிடத்தில் 360 பேர் வந்தால் 6 மேசைகள் மூச்சுவிடாமல் இயங்க வேண்டியிருக்கும் என்பதால், நான் 8 மேசை போடுவேன்.

இதைவிட முக்கியமானது, பெயர் பட்டியலில் இல்லாதவர்கள், பணம் கட்டியும் பதிவாகாதவர்கள் ஆகியோரின் சிக்கல். இருபதில் ஒருவர் இப்படி வந்து ஒவ்வொருவருக்கும் 2 நிமிடம் ஆனால், அந்த 30 பேர் மட்டுமே 3,600 நொடியை விழுங்கிவிடுவார்கள்; மற்ற 570 பேருக்கும் சேர்த்தே 5,700 நொடிதான். ஆகவே அவர்களுக்கென்று நாற்காலிகளோடு தனி மேசை ஒன்றை ஓரமாகப் போட்டு, முடிவெடுக்கும் அதிகாரமுள்ள 3 பேரை அங்கே அமர்த்துங்கள். வரிசையின் நடுவிலேயே ஒருவர் நின்று, "கைபேசியில் குறியீட்டைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே, குறியீடு இல்லாதவர்களைப் பிரித்து அங்கே அனுப்பிவிட வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து: பெயரின் முதல் எழுத்துப்படி மேசைகளைப் பிரித்தால் போதுமே? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அட்டைகளை முன்பே அச்சிட்டு அடுக்கியிருந்தால் பிரிப்பது அவசியம்தான். ஆனால் நம் ஊரில் எம். செந்தில் என்பவர் 'எம்' மேசைக்குப் போவதா, 'எஸ்' மேசைக்குப் போவதா என்று தயங்கி நிற்பார். அதோடு சில எழுத்துகளில் பெயர்கள் குவிந்துவிடும். பதிவு செய்த கைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு பிரித்தால் கூட்டம் ஏறக்குறைய சமமாகப் பரவும். யாருக்கும் குழப்பமும் வராது.

ராணிப்பேட்டையிலிருந்து: எங்கள் வீட்டுத் திருமணத்தில் பந்தி வாசலில் பெரிய நெரிசல். அங்கும் ஆட்களைக் கூட்டலாமா, ஐயா?

அங்கே தடையாக இருப்பது இலைகளின் எண்ணிக்கை. ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்தது உட்கார முடியும் என்பதால், வாசலில் ஆளைக் கூட்டிப் பயனில்லை. காத்திருப்போருக்கு நாற்காலி போடுங்கள்.

காட்பாடியிலிருந்து: ஒரே வரிசையாக நிறுத்தி, காலியாகும் மேசைக்கு அனுப்புவதுதானே நியாயம்? வங்கியில் 20 ஆண்டுகள் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

நியாயம்தான், வங்கியில் ஒருவருக்குச் சில நிமிடங்கள் ஆவதால் அது நன்றாகப் பொருந்தும். இங்கே வேலையே 10 நொடிதான் என்பதால், வரிசைத் தலைப்பிலிருந்து எட்டாம் மேசைக்கு நடக்கும் 5 நொடியும் பெரிய இழப்பாகிவிடும். இரண்டு மேசைக்கு ஒரு வரிசை என்று நான்கு வரிசைகள் வைப்பேன்.

மீண்டும் காட்பாடியிலிருந்து: பக்கத்து வரிசை வேகமாக நகர்ந்தால் மக்கள் தாவுவார்களே?

தாவுவார்கள், கயிறு கட்டினாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. இடம் குறுகலாக இருந்தால் உங்கள் முறையே மேலாக அமையலாம். எந்த முறையானாலும், வரிசை நீண்டிருக்கும்போது மேசையில் இருப்பவர் ஆளுக்காகக் காத்திருந்தால் பிழை வரிசை அமைப்பில் இருக்கிறது. அனைவரும் ஓயாமல் வேலை செய்தும் வரிசை வளர்ந்தால், அந்த 10 நொடி உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அங்கேயே மீண்டும் அளந்து பாருங்கள்.