ஜனவரி இன்வாய்ஸில் டிசம்பர் கடன்

"பிறையில் ஒரு தொழிற்சாலை ஆடிட், ஆண்டு முடிவு டிசம்பர் 31. ஜனவரி, பிப்ரவரியில் போன பெரிய பேமென்ட்களை எல்லாம் பார்த்துவிட்டேன், கணக்கில் ஏறாமல் விட்டுப்போன டிசம்பர் கடன் எதுவும் சிக்கவில்லை. மேனேஜர் இன்னும் தேடு என்கிறார். வேறு எங்கே தேடுவது?"

பணம் கட்டியவைதானே பேமென்ட் பட்டியலில் வரும்? 90 நாள் தவணையில் வாங்கியது மார்ச்சில்தான் வெளியேறும். அதனால் இன்னும் கட்டாத இன்வாய்ஸ்களைக் கேட்டு வாங்குங்கள். கணக்கில் ஏற்றாமல், ஒப்புதலுக்காக யார் மேஜையிலாவது கிடப்பவையும் வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

அப்புறம் ஸ்டோருக்குப் போய், டிசம்பர் கடைசி வார டெலிவரி ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மாதக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இன்வாய்ஸே வராத சரக்கும் இதில் தெரிந்துவிடும். டிசம்பர் 29 சரக்கு வந்து, இன்வாய்ஸ் ஜனவரி 8 தேதியிட்டிருந்தால், அது டிசம்பர் கடன்தான். அந்தச் சரக்கை ஆண்டு முடிவு ஸ்டாக்கில் எண்ணிவிட்டு கடனை விட்டிருந்தால் லாபம் கூடிப்போகும். இரண்டையும் விட்டிருந்தால் லாபம் மாறாது, ஆனால் ஸ்டாக்கும் கடனும் குறைவாக நிற்கும். எனவே ஸ்டாக் எண்ணிக்கைத் தாளையும் சேர்த்துப் பாருங்கள்.

சேவை இன்வாய்ஸுக்கு டெலிவரி ஆர்டர் இருக்காது, அதில் எழுதியிருக்கும் காலத்தைப் படிக்க வேண்டும். டிசம்பர் 16 முதல் ஜனவரி 15 வரை மெஷின் பராமரிப்புக்கு 6,200 ரிங்கிட் என்றால், நாளுக்கு 200. டிசம்பரில் 16 நாள், ஆக 3,200 ரிங்கிட் போன ஆண்டுக்கு. முழுத் தொகையையும் இழுத்துவிடாதீர்கள்.

பெரிய தொகைகளை மட்டும் எடுத்தேன் என்கிறீர்கள். ஒரே சப்ளையரின் சின்னச் சின்ன இன்வாய்ஸ்களையும் கூட்டிப் பாருங்கள்.